பூ, தண்டல், உண்டியல்: நிதிக் கல்வி ஸ்லைடுகளுக்குப் பேச்சு வடிவம்

பேசப் போகிறவருக்கு: இது நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டமும் பூக்கட்டும் வேலையும் உள்ள மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்துக்காக எழுதியது. ஸ்லைடுகள் மொத்தம் 14. முக்கால் மணி நேரத்துக்குமேல் யாரும் உட்கார மாட்டார்கள், விடியுமுன் பூப்பறிக்கப் போக வேண்டும். அதனால் ஐந்து ஸ்லைடுகளை மட்டும் எடுத்திருக்கிறேன். திரையை அணைத்துவிட்டுப் பேசினாலும் நடக்கும். பன்னிரண்டு புளியங்கொட்டைகள் மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

ஸ்லைடு 2: குடும்ப வரவு செலவுத் திட்டம்

(வட்டப் படத்தில் 50, 30, 20 என்று பிரித்திருக்கிறார்கள். அது மாதச் சம்பளக்காரருக்கு. காட்ட வேண்டாம்.)

அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள். மார்கழியில் மல்லிகை விலை எப்படி இருந்தது? ஏறிப்போய்விட்டது, சரி. ஆனால் பனியில் செடியில் பூ எவ்வளவு இருந்தது? சித்திரையில் செடி நிறையப் பூ. விலை கேட்டால் பறிகூலிக்கே காணாது. ஆக, எந்த மாதம் கையில் என்ன நிற்கும் என்று நம்மில் யாராலும் சொல்ல முடியாது.

வரவு தெரியாவிட்டால் போகட்டும். செலவு தெரியுமே? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். தீபாவளி வரும். ஊர்த் திருவிழா வரும். இந்த மூன்றும் சொல்லிவைத்துத்தான் வருகின்றன, ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் திடீரென்று வந்த மாதிரிக் கடனுக்கு ஓடுகிறோம். பள்ளிக்கு 6,000, தீபாவளிக்கு 9,000, திருவிழாவுக்கு 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18,000. வாரம் 350 ரூபாய் எடுத்துவைத்தால் வருஷத்தில் அது சேர்ந்துவிடும்.

வாரம் 350 எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டார்கள். சோறாக்கிய பிறகு மிஞ்சியதை எடுத்துவைக்கவில்லை, ஏனென்றால் மிஞ்சாது. பூக்காசும் அப்படித்தான். கமிஷன் கடையிலிருந்து காசு கைக்கு வந்த அன்றே, வீட்டுக்குள் நுழையுமுன், பிடியை எடுத்துவிடுங்கள். விலை ஏறின வாரம் இரண்டு பிடி எடுங்கள். விலை விழுந்த வாரம் அரைப்பிடி போதும்.

ஸ்லைடு 5: வட்டி விகிதங்களின் வகைகள்

(நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். பாயில் பன்னிரண்டு புளியங்கொட்டையையும் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கொட்டையை ஒரு அக்காவையே எடுக்கச் சொல்லுங்கள்.)

ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். பன்னிரண்டாயிரம் கடன். மாதம் ஆயிரம் அசல் கட்டுவோம், பன்னிரண்டு மாதத்தில் தீரும். வட்டி, நூற்றுக்கு ஒரு ரூபாய். அக்காவும் தங்கையும் ஒரே நாளில் வாங்குகிறார்கள். அக்கா குழுவில் வாங்குகிறாள், தங்கை வெளியே ஒருவரிடம். இரண்டு பேருமே "ஒரு ரூபாய் வட்டிதான்" என்கிறார்கள்.

முதல் மாதம் பாயில் பன்னிரண்டு கொட்டை இருக்கிறது. வட்டி 120. இரண்டு பேருக்கும் அதேதான். ஒரு கொட்டையை எடுங்கள். இப்போது நம்மிடம் இருப்பது பதினோராயிரம். அக்காவுக்கு வட்டி 110. இன்னொன்றை எடுங்கள். 100. இப்படியே இறங்கி இறங்கி, கடைசி மாதம் பாயில் ஒரே ஒரு கொட்டை. அக்காவுக்கு அதற்கு வட்டி பத்து ரூபாய்.

தங்கைக்கு? கடைசி மாதமும் 120. பாயில் கிடப்பது ஒரு கொட்டை, வட்டியோ பன்னிரண்டு கொட்டைக்கு! மாடு விற்றுப்போன பிறகும் அதற்குத் தீவனம் வாங்குகிற கதை.

கூட்டிப் பாருங்கள். அக்கா வருஷத்தில் கட்டிய வட்டி 780. தங்கை கட்டியது 1,440. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சொன்ன வட்டி ஒன்றுதான், கணக்குப் போட்ட விதம் வேறு. ஸ்லைடில் இதற்குப் பெரிய பெயர்கள் போட்டிருக்கிறார்கள். நீங்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். கடன் கொடுக்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அசல் குறையக் குறைய வட்டியும் குறையுமா, கடைசிவரை முதல் தொகைக்கே வட்டியா?" பதில் சொல்ல அவர் தடுமாறினால், அதுவே உங்களுக்குப் பதில்.

அடுத்து தண்டல். இது ஸ்லைடில் இல்லை, ஆனால் ஊரில் இருக்கிறது. பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் ஒன்பதாயிரம் தருவார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். "நூறு நாளைக்கு ஆயிரம் ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால் ஒன்பதாயிரமும் நூறு நாளும் உங்களிடமா இருந்தது? மறுநாளே நூறு திரும்பிப் போயிற்று. ஐம்பதாம் நாள் பாதிக்கு மேல் போய்விட்டது. கொட்டைக் கணக்குப்படி பார்த்தால் சராசரியாக உங்களிடம் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய். மாதம் நூற்றுக்கு ஆறு ரூபாய்க்கு மேல் வருகிறது.

தண்டல் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வங்கி திறந்திருக்காது. ஆனால் குழுவில் உள்கடன் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கிடைக்கிறபோது, நாலு பேருக்கு முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு தண்டலுக்குப் போனால், அந்தக் கூச்சத்துக்கு மாதம் நாலு ரூபாய் கொடுக்கிறோம். குழுவில் கட்டும் வட்டி குழுவின் பணமாகவே திரும்பி வருகிறது. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

(இந்த இடத்தில் யாராவது தன் கடனைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். தடுக்க வேண்டாம். ஆனால் எவ்வளவு, யாரிடம் என்று கூட்டத்தில் நீங்கள் கேட்காதீர்கள். முடிந்த பிறகு தனியாகப் பேசுங்கள்.)

ஸ்லைடு 8: கடன் சுமை, கடன் வாங்குபவர் உரிமைகள்

நம்மில் சிலர் குழுக் கடனும் வைத்திருக்கிறோம், வாரம் வாரம் வசூலுக்கு வரும் மைக்ரோ பைனான்ஸ் கடனும் வைத்திருக்கிறோம். 2022இல் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு வரம்பு போட்டது. எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தவணை, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குப் பத்தாயிரம் வந்தால் தவணைக்கு ஐயாயிரம், அதற்குமேல் கொடுக்கிறவரே கொடுக்கக் கூடாது. தருகிறார்கள் என்பதற்காக வாங்கிவிட்டு, ஒன்றைக் கட்ட இன்னொன்று வாங்கினால், அது ஓட்டைப் பானையின் தண்ணீரை இன்னொரு ஓட்டைப் பானைக்கு மாற்றுவது.

வசூலுக்கும் நேரம் உண்டு. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் தவணை கேட்டு அழைக்கக் கூடாது. திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது. இது அவர்கள் தரும் சலுகை இல்லை, விதி.

இன்னொன்று, அடுத்த வீட்டு அக்காவுக்காக உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கொடுப்பது. நல்ல மனசுதான். ஆனால் ஆதார் உங்களுடையது, கையெழுத்து உங்களுடையது. அவள் ஊரைவிட்டுப் போனால் பதிவேட்டில் நிற்பது உங்கள் பெயர். அடுத்த வருஷம் நீங்கள் மாட்டுக் கடன் கேட்கும்போது வங்கிக் கணினி அதைக் காட்டும். அடுப்புக்கு நெருப்புக் கேட்டால் கொடுங்கள், கூரைக்குக் கேட்டால் யோசியுங்கள்.

ஸ்லைடு 11: காப்பீடு

பாஸ்புக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறது, 20 ரூபாய் பிடித்திருக்கிறது, வங்கி நம்மை ஏமாற்றுகிறது என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கோபப்பட்டார். அது அவருடைய காப்பீடு! எப்போதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டு மறந்துவிட்டார்.

436 ரூபாய் ஆயுள் காப்பீடு. 18இலிருந்து 50 வயதுக்குள் சேரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். புதிதாகச் சேர்ந்தவர் என்றால், விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் பணம் கிடையாது. 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 70 வயதுவரை. விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ இரண்டு லட்சம். இரண்டுக்கும் சேர்த்து நாளுக்கு ஒன்றேகால் ரூபாய் ஆகிறது.

வருஷம் ஜூன் 1இலிருந்து மே 31வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் 456 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு விட்டுப்போகும். ஏப்ரல் கூட்டத்திலேயே இதை நினைவூட்டச் சொல்லி ஊக்குநரிடம் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்துவிடுவோம். வாரிசுதாரர் பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு திறந்த கணக்கென்றால் இன்னும் அப்பா பெயரே இருக்கலாம்.

ஸ்லைடு 13: டிஜிட்டல் பாதுகாப்பு

கோயில் உண்டியலில் காசு போட சாவி வேண்டுமா? வேண்டாம். எடுக்கத்தான் சாவி வேண்டும். போனில் நீங்கள் போடும் பின் நம்பர் அந்தச் சாவி. பணம் உள்ளே வருவதற்கு அது எந்தக் காலத்திலும் தேவையில்லை. "உதவித்தொகை வந்திருக்கிறது, பின் நம்பரைப் போடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், உண்டியலைத் திறக்கச் சொல்கிறான் என்று அர்த்தம். கியூஆர் கோடும் அப்படித்தான், ஸ்கேன் செய்வது கொடுப்பதற்கு, வாங்குவதற்கு இல்லை.

பேரன்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறான் என்கிறீர்கள். பார்க்கட்டும். பின் நம்பரை மட்டும் நீங்களே அமுக்குங்கள். அட்டை மேல் எழுதிவைக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள், உடனே 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பத்தொன்பது, முப்பது. எல்லோரும் ஒரு தடவை சொல்லுங்கள். பின்வரிசை அக்கா, உங்கள் குரல் கேட்கவில்லை.

(இதற்குப் பிறகு புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். சீட்டு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். பதிவுபெற்ற சீட்டா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு வங்கிக்கு ஐந்து லட்சம்வரை காப்பீடு உண்டு, சீட்டுக்கு அது இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.)

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ்புக்கை வரவுப் பதிவு போட்டு எடுத்துவாருங்கள். 436ம் 20ம் யார் யாருக்குப் பிடித்திருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். புளியங்கொட்டை என்னிடமே இருக்கட்டும். வெளியே கடன் வாங்கியவர்கள் அட்டையைக் கொண்டுவந்தால், அதையும் பாயில் வைத்து எண்ணிப் பார்த்துவிடலாம்.