பொருள்: ரிங் ஃபிரேம் லேப்பிங் – ஜூன் 8 முதல் 27 வரை எப்போது உட்கார்ந்து பேசலாம்?

செல்வராஜ் அண்ணாவுக்கு வணக்கம்.

இன்று பி ஷிஃப்டுக்கு வந்து, சார்ஜ் எடுத்து, முதல் ரவுண்டு முடித்த பிறகு படித்தால் போதும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் வந்தால் சரி. மூன்று வாரத்துக்கும் சேர்த்து எழுதியதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. நேரம் இல்லையென்றால் கடைசியில் இருக்கும் தேதிகளை மட்டும் பாருங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 7 முதல் 12 வரையுள்ள ஃபிரேம்களில், 40-ஆம் நம்பர் கோம்டு ஓடுகிற இடத்தில், விடியற்காலையில் இழை அறுப்பு ஏறுகிறது. நூறு ஸ்பிண்டில் மணிக்கு பகலில் 2, 3 என்று இருப்பது ராத்திரி 2 மணிக்கு மேல் 6 வரை போகிறது. முன் உருளையில் பஞ்சு சுற்றிக்கொள்கிறது, சைடர்கள் கத்தியும் கையுமாகவே நிற்கிறார்கள் என்று நீங்கள் போன ரவுண்டு சி ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தீர்கள். பாலக்காட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று வர ஆரம்பித்துவிட்டது. எச் பிளாண்ட் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். 55-லிருந்து 60-க்குள் நிற்க வேண்டிய ஈரப்பதம் விடியற்காலையில் 66-ஐத் தொடுகிறது. தண்ணீர் ஸ்ப்ரேயை அந்த நேரத்தில் யாரும் குறைப்பதில்லை என்பது என் சந்தேகம். காட்ஸ் பஃபிங் முடிந்து எவ்வளவு நாளாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நேரில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இல்லாமல் பேசினால் நாங்கள் சார்ட்டை வைத்துக்கொண்டு ஜோசியம் சொல்வதாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் தினமும் காலை 11 மணிக்கு கான்ஃபரன்ஸ் ரூமில் கூடலாம் என்று ஸ்பின்னிங் மாஸ்டர் சொன்னார். ஜெனரல் ஷிஃப்ட்காரர்களுக்கு அது நல்ல நேரம். உங்களுக்கு அடுத்த வாரம் சி ஷிஃப்ட். ராத்திரி 1 மணிக்கு என்னை எழுப்பி உட்கார வைத்தால் எப்படி இருக்குமோ, காலை 11 உங்களுக்கு அப்படித்தான் இருக்கும். அதை அவரிடம் சொன்னேன். "சரி, அவரையே கேட்டு நேரம் போடு" என்றார். அதனால்தான் இந்த மெயில்.

சி ஷிஃப்ட் வாரத்தில் உங்கள் நாள் எப்படிப் போகும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். காலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. மில் பஸ்ஸில் பல்லடம் போய்ச் சேர 7 ஆகிவிடும். குளித்து, சாப்பிட்டு, 8 மணி வாக்கில் படுத்தால் 2 அல்லது 3 மணிக்கு எழுந்திருப்பீர்கள். ராத்திரி கிளம்புவதற்கு முன் 7.30-லிருந்து 8.30 வரை இன்னொரு கண் அசருவீர்கள். இதில் தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். ஸ்கூல் திறந்திருக்கிற நேரம் வேறு. பிள்ளைகளை அனுப்பிவிட்டு 9 மணிக்கு மேல்தான் படுப்பேன் என்றாலும், காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்துத் தூங்குகிறவர் என்றாலும், கீழே சொல்கிற நேரமெல்லாம் மாறும். மாற்றிக்கொள்ளலாம்.

காலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அப்படியே பத்து நிமிடம் நின்று பேசிவிடலாமே என்று மெயிண்டனன்ஸில் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பத்து நிமிடம் எப்போதுமே அரை மணி ஆகும், 6.20 பஸ் போய்விடும். அடுத்த வண்டிக்கு நின்று, நல்ல வெயிலில் வீடு போய்ச் சேர்ந்தால் வந்த தூக்கமும் கலைந்துவிடும். பகல் தூக்கம் எப்படியும் ராத்திரித் தூக்கத்தைவிடக் குறைவுதான். அதிலும் நாம் கை வைக்கக் கூடாது.

அதனால் சி ஷிஃப்ட் வாரத்தில் நீங்கள் எங்கள் நேரத்துக்கு வர வேண்டாம், நான் உங்கள் நேரத்துக்கு வருகிறேன். குவார்ட்டர்ஸிலிருந்து ஐந்து நிமிட நடைதான். செவ்வாய் ராத்திரி 11 மணிக்கு, ஷிஃப்ட் மாற்றச் சந்தடி அடங்கியதும், சூப்பர்வைசர் கேபினில் அரை மணி நேரம் பேசலாம். எந்த ஃபிரேமில் எந்தப் பக்கம் அதிகம், எந்த ரோவிங் லாட், எந்த நேரம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன். டாஃபிங் அந்த நேரத்தில் விழுந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்வோம். செவ்வாய் சரிப்படாவிட்டால் புதன் ராத்திரி அதே நேரம். சி ஷிஃப்டின் முதல் ராத்திரி என்பதால் திங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

அப்புறம், வியாழன் ராத்திரி ஷிஃப்டில் விடியற்காலை 2.30-லிருந்து 4 மணி வரை நான் ஃபிரேம் பக்கமே நிற்கலாம் என்று இருக்கிறேன். லேப்பிங் வருகிற நேரத்தில் கண்ணால் பார்க்காமல் பேசிப் பிரயோஜனம் இல்லை. மீட்டர் ஒன்றைக் கையில் கொண்டு வருகிறேன். எச் பிளாண்ட் சார்ட் காட்டுவதும் ஃபிரேம் அருகே உண்மையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடலாம். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள், கூட வந்து நிற்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் எந்த முடிவும் கேட்க மாட்டேன். 3 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே சோர்ந்து போகிற நேரம், என்னையும் சேர்த்துத்தான். பார்த்ததைக் குறித்துக்கொண்டு போய்விடுவேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேலண்டர்படி அது வெள்ளி 12-ஆம் தேதி. "12-ஆம் தேதி 2.30" என்று நான் எழுதி, நீங்கள் வெள்ளி ராத்திரி ஷிஃப்ட் என்று எடுத்துக்கொண்டால் ஆளுக்கொரு நாள் நிற்போம். அதனால் இந்த மெயிலில் சி ஷிஃப்ட் சம்பந்தமான எல்லாவற்றையும் ஷிஃப்ட் தொடங்குகிற நாளை வைத்தே எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

ஞாயிறு 14-ஆம் தேதியை யாரும் தொட மாட்டோம். அன்று காலை 6 மணிக்கு சி ஷிஃப்ட் முடிகிறது, திங்கள் காலை 6 மணிக்கு ஏ ஷிஃப்ட் தொடங்குகிறது. நடுவில் இருப்பது சரியாக 24 மணி நேரம். நள்ளிரவு தாண்டி வேலை செய்கிறவருக்கு வார விடுமுறை என்பது ஷிஃப்ட் முடிகிற நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவே சொல்லியிருந்தது. எங்களுக்கு சனி சாயங்காலமே லீவு தொடங்கிவிடுகிறது. உங்களுக்கு அதில் பாதி தூங்கியே போய்விடும். அன்று "ஒரே ஒரு சந்தேகம்" என்று யாராவது போன் செய்தால் எடுக்காதீர்கள், என் நம்பராக இருந்தாலும்.

ஏ ஷிஃப்ட் வாரத்தில் திங்களும் செவ்வாயும் வேண்டாம். ஒரு வாரம் பகலில் தூங்கிய உடம்பை விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிக் கிளப்புவதே பெரிய பாடு. புதன் 17, காலை 11.30-க்கு எல்லோரும் உட்காரலாம். ஸ்பின்னிங் மாஸ்டர், மெயிண்டனன்ஸ், எச் பிளாண்ட், நீங்கள், நான். ஒரு மணி நேரம்தான். 12.30-க்கு முடித்துவிட்டால் உங்கள் ஷிஃப்ட் குளோசிங் வேலை கெடாது. மதியம் 2 மணிக்கு மேல் வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. விடியலிலேயே எழுந்தவரை ஷிஃப்ட் முடிந்த பிறகு பிடித்து வைப்பது சரியில்லை என்று தோன்றியதால் நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. புதன் முடியாவிட்டால் வியாழன் 18, அதே 11.30.

பி ஷிஃப்ட் வாரத்தில் உங்களைக் காலையிலேயே வரச் சொல்லலாம், விழித்துத்தானே இருப்பார் என்று சிலருக்கு ஒரு எண்ணம் உண்டு. ராத்திரி 10-க்கு முடித்து வீடு போய் 12-க்குப் படுக்கிறவருக்கு வீட்டில் கிடைப்பது அந்தக் காலை நேரம் மட்டும்தான். எனவே செவ்வாய் 23, மாலை 3.30-க்கு, உங்கள் ஷிஃப்டுக்குள்ளேயே முக்கால் மணி நேரம். 17-ஆம் தேதி பேசி ஸ்ப்ரேயைக் குறைத்து ஓட்டிப் பார்த்தால், அந்த ராத்திரிகளின் கணக்கு அதற்குள் கையில் வந்திருக்கும். நம் நூலை வாங்கும் நெசவுக்காரருக்கு இதுபற்றி எழுத வேண்டிய பதிலை அன்று சேர்ந்து முடித்துவிடலாம்.

சி ஷிஃப்ட் வாரத்தில் காலை 6.30-லிருந்து மாலை 4 வரை நான் போன் செய்ய மாட்டேன், வாட்ஸ்அப்பும் அனுப்ப மாட்டேன். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் எழுதி வைத்து 4 மணிக்கு மேல் அனுப்புகிறேன். பகலில் ஃபிரேம் பற்றி அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தால் அப்போது ஷிஃப்டில் இருக்கும் சூப்பர்வைசரைக் கேட்பேன். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டாம். எப்போதாவது ஷிஃப்ட் நேரத்துக்கு வெளியே உங்களைப் பேச வைக்கும்படி ஆனால் அதை ஓவர்டைமில் எழுத மாஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். டைம் ஆபீஸில் நானே சொல்லி வைக்கிறேன்.

மொத்தத்தில் தேதிகள் இவை:

செவ்வாய் 9 ஜூன், ராத்திரி 11.00 – 11.30, சூப்பர்வைசர் கேபின், நாம் இருவர் மட்டும். மாற்று: புதன் 10, அதே நேரம்.

வியாழன் 11 ஜூன் ராத்திரி ஷிஃப்டில், விடியற்காலை 2.30 – 4.00, 7 முதல் 12 ஃபிரேம். மீட்டிங் இல்லை, நான் வந்து பார்ப்பது மட்டும்.

புதன் 17 ஜூன், காலை 11.30 – 12.30, கான்ஃபரன்ஸ் ரூம். மாற்று: வியாழன் 18, அதே நேரம்.

செவ்வாய் 23 ஜூன், மாலை 3.30 – 4.15, மாஸ்டர் கேபின்.

எல்லாம் சரி என்றால் "ஓகே" என்று ஒரு வரி போதும். சரியில்லாததற்கு மட்டும் உங்களுக்குத் தோதான நேரத்தைச் சொல்லுங்கள். டைப் செய்யச் சிரமமாக இருந்தால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். ஷிஃப்டில் யாராவது லீவு போட்டு உங்களை டபுள் பார்க்கச் சொன்னால் அந்த வாரத் தேதி தானாகவே ரத்து. காரணம் சொல்லத் தேவையில்லை, "டபுள்" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு சின்ன உதவி. 9-ஆம் நம்பர் ஃபிரேமில் வலது பக்கம் காட்ஸ் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ரிஜிஸ்டரில் தெளிவாக இல்லை. இன்று ரவுண்டில் போகும்போது நினைவிருந்தால் ஃபிட்டரிடம் கேட்டு வையுங்கள். மறந்துவிட்டால் செவ்வாய் ராத்திரி நானே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பிரபு
குவாலிட்டி கண்ட்ரோல், ஜெனரல் ஷிஃப்ட்
வெள்ளி, 5 ஜூன் 2026