பேக்எண்ட் டெவலப்பர் | பைத்தான், போஸ்ட்கிரெஸ் | சுயமாகக் கற்ற தொழில்

என்னைப் பற்றி

வணக்கம். சர்வர் பக்கம் பைத்தான், அதற்குக் கீழே போஸ்ட்கிரெஸ், இதுதான் என் வேலை. பெரும்பாலும் இரண்டு சமயங்களில் என்னைக் கூப்பிடுகிறார்கள்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆப், டேட்டா சேரச் சேர இழுக்க ஆரம்பித்துவிட்டது என்னும்போது, இல்லை, புதிதாக ஒன்றைக் கட்டுகிறோம், பின்னால் அந்த நிலைமைக்கு வந்துவிடக் கூடாது என்னும்போது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் டிகிரி கிடையாது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போனேன். அங்கே தினமும் கையால் சரிபார்த்துக்கொண்டிருந்த கணக்கை ஒரு சின்ன ஸ்கிரிப்டை வைத்துச் செய்யத் தொடங்கினேன், அது மற்ற மேசைகளுக்கும் பரவியது, அப்புறம் அதுவே என் வேலையானது. இப்போது ஏழெட்டு வருடமாக முழுநேரமும் இதுதான். இந்த ப்ரொஃபைலில் கல்வி என்ற இடத்தில் பள்ளி மட்டும்தான் இருக்கும், ஏதாவது ஒரு வாரக் கோர்ஸின் பெயரைப் போட்டு அந்த இடத்தை நிரப்ப எனக்கு விருப்பமில்லை. கீழே சொல்லியிருக்கும் எதையும் நம்பிக்கையின் பேரில் எடுத்துக்கொள்ள வேண்டாம், சரிபார்க்க வழி இருப்பதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

என்ன தெரியும், எந்த அளவுக்குத் தெரியும்

தினமும் கையில் இருப்பவை: பைத்தான், ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், லினக்ஸ், கிட். இவற்றில் எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். ரெடிஸ், டாக்கர், என்ஜின்எக்ஸ் எல்லாம் வேலைக்குத் தேவையான அளவுக்கு நன்றாகவே தெரியும். ஜாவாஸ்கிரிப்டைப் படித்துப் புரிந்துகொண்டு திருத்துவேன், ஆனால் முழு முகப்பையும் என்னிடம் ஒப்படைக்காதீர்கள். குபர்நெட்டிஸ் தெரியாது. மொபைல் ஆப் செய்வதில்லை. திறமைகளின் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கும் ப்ரொஃபைலைப் பார்த்தால் எனக்கே எதை நம்புவது என்று தெரிவதில்லை, அதனால் என்னுடையதில் நட்சத்திரம் இல்லை.

செய்த வேலைகளில் சில

*அறை முன்பதிவு.* ஒரே அறையை ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் சிக்கல். ஆப்பில் "காலியாக இருக்கிறதா" என்று பார்க்கும் கோடு இருந்தது, சரியாகவும் இருந்தது. ஆனால் இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் இருவருக்கும் காலி என்றே பதில் வரும், இருவருடைய பதிவும் உள்ளே போய்விடும். இதை ஆப் பக்கம் எவ்வளவு ஒட்டுப் போட்டாலும் ஓட்டை எங்காவது மிஞ்சும் என்பதால், தீர்மானிக்கும் பொறுப்பை டேட்டாபேஸிடமே கொடுத்தேன்:

```sql
CREATE EXTENSION btree_gist;

ALTER TABLE bookings
  ADD CONSTRAINT no_overlap
  EXCLUDE USING gist (room_id WITH =, during WITH &&);
```

`during` என்பது `tstzrange` வகைக் காலம். தொடக்கம் உள்ளே சேரும், முடிவு சேராது, அதனால் பத்திலிருந்து பதினொன்று வரை ஒருவரும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை இன்னொருவரும் மோதாமல் பதிவு செய்யலாம். ஏற்கெனவே மோதிக்கொண்டிருந்த பழைய பதிவுகளைக் கண்டுபிடித்து, அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்த பிறகுதான் இந்தக் கட்டுப்பாட்டைப் போட முடிந்தது. நேரம் போனதெல்லாம் அதில்தான், கோடு எழுதியதில் இல்லை. போட்ட பிறகு ஒரு இரட்டைப் பதிவுகூட உள்ளே போகவில்லை.

*சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் தினசரி அறிக்கை.* பக்கம் திறக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆனது, பெரிய சர்வர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். `EXPLAIN (ANALYZE, BUFFERS)` போட்டுப் பார்த்ததில் முழு டேபிளையும் ஒவ்வொரு முறையும் படித்துக்கொண்டிருந்தது. `created_at` மேல் இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் கேள்வியில் `date(created_at) = ...` என்று எழுதியிருந்தார்கள். அதை `>=`, `<` என்ற எல்லைகளாக மாற்றி, கிளையையும் நேரத்தையும் சேர்த்து ஒரு புதிய இன்டெக்ஸை `CREATE INDEX CONCURRENTLY` மூலம் போட்டேன், அது தயாராகும்வரை பதிவுகள் எதுவும் நிற்கவில்லை. இப்போது ஒரு நொடிக்குள் திறக்கிறது, சர்வர் பழையதேதான்.

*பேக்அப்பைச் சோதிக்கும் கருவி.* இது என் சொந்த ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட், எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. பேக்அப் எடுப்பவர்கள் நிறைய, அதைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. `pg_dump` எடுத்த கோப்பை ஒரு காலி டேட்டாபேஸில் `pg_restore` வைத்து ஏற்றி, டேபிள்களின் வரிசை எண்ணிக்கையையும் கடைசிப் பதிவின் நேரத்தையும் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் உடனே மின்னஞ்சல் அனுப்பும். கமிட் வரலாறு, டெஸ்ட்டுகள், மற்றவர்கள் எழுப்பிய பிரச்சினைகளுக்கு நான் கொடுத்த பதில்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. என்னை எடைபோட அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றால், அந்தப் பதில்களைப் படியுங்கள் என்பேன்.

எப்படிக் கற்றேன்

போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ ஆவணம்தான் என் முதல் வாத்தியார், இன்றும் அதுதான். ஆனால் வேலை செய்துகொண்டே கற்றால் தேவைப்பட்டது மட்டும்தான் தெரியும், அடித்தளம் தெரியாமல் போய்விடும் என்று ஒரு கட்டத்தில் உறைத்தது. அதனால் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்திருக்கும் 15-445 டேட்டாபேஸ் பாடத்தின் விரிவுரைகளை முழுக்கப் பார்த்து, அதன் சி++ பயிற்சிகளையும் செய்தேன், பஃபர் பூல், இன்டெக்ஸ் எல்லாம் நாமே எழுத வேண்டும். ஒரு கேள்வி ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ஊகிக்காமல் சொல்ல முடிவது அதற்குப் பிறகுதான். இது அந்தப் பல்கலைக்கழகச் சான்றிதழ் அல்ல, நான் அங்கே மாணவரும் அல்ல. விடைகளைப் பொதுவில் போட வேண்டாம் என்று பாடத்தை நடத்துபவர்கள் கேட்டிருப்பதால் அந்தக் கோடு மட்டும் என் பக்கத்தில் இருக்காது, நேர்காணலில் திரையைப் பகிர்ந்து காட்டி, வரி வரியாக விளக்குகிறேன்.

எப்படிச் சரிபார்ப்பது

மேலே சொன்ன வாடிக்கையாளர்கள் இருவரும் என்னைப் பற்றிப் பேசச் சம்மதித்திருக்கிறார்கள், மெசேஜ் அனுப்பினால் தொடர்பு ஏற்படுத்தித் தருகிறேன். அவர்களுடைய கோடு அவர்களுக்குச் சொந்தம் என்பதால் காட்ட மாட்டேன், ஆனால் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், வேறு எதை யோசித்து விட்டுவிட்டேன் என்பதை எவ்வளவு ஆழமாக வேண்டுமானாலும் பேசலாம். சந்தேகம் தீரவில்லையா, உங்களிடம் உண்மையிலேயே இருக்கும் ஒரு சின்னப் பிரச்சினையைக் கூலி பேசிக் கொடுங்கள், முடித்துத் தருவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் விதிப்படி டிகிரி கட்டாயம் என்றால் அதை முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன், இருவருக்கும் நேரம் மிச்சம்.

இப்போது தேடுவது

சின்ன அணியில் முழுநேர பேக்எண்ட் வேலை, வீட்டிலிருந்தே செய்யும்படி. கோட் ரிவ்யூவை அக்கறையாகச் செய்யும் சீனியர் ஒருவராவது இருக்கும் அணி என்றால் மிகவும் சந்தோஷம், தனியாகக் கற்ற எனக்கு அதன் மதிப்பு நன்றாகத் தெரியும். மெதுவாக ஓடும் டேட்டாபேஸைப் பார்த்துச் சொல்லும் குறுகிய கால வேலைகளையும் எடுத்துக்கொள்கிறேன். மெசேஜ் அனுப்பும்போது போஸ்ட்கிரெஸின் வெர்ஷன், பெரிய டேபிளின் அளவு, எந்தப் பக்கம் மெதுவாக இருக்கிறது, இந்த மூன்றையும் எழுதினால் முதல் பதிலிலேயே உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.