கொப்பரை டிரையர் காற்றுக்குழாய்: ஒரு மாதமாக நிற்கும் புகார், தங்கள் முடிவுக்கு

பெறுநர்: மண்டல சர்வீஸ் மேலாளர், கோயம்புத்தூர்
நகல்: சர்வீஸ் இன்ஜினியர், பொள்ளாச்சி
கோபாலபுரம், 10-07-2025

ஐயா, வணக்கம்.

பிப்ரவரியில் தங்களிடம் வாங்கிய 1,000 கிலோ கொப்பரை டிரையரில் பின்வரிசைத் தட்டுகள் காய்வதில்லை. ஜூன் 9-ல் புகார் கொடுத்தோம். இன்னும் தீரவில்லை.

முன்வரிசை 24 மணி நேரத்தில் 6 சதவீத ஈரத்துக்கு வந்துவிடுகிறது. அதே நேரத்தில் பின்வரிசை 14-ல் நிற்கிறது. பானலில் 65 டிகிரி காட்டும்போது பின்னால் 46 டிகிரிதான். அந்தப் பருப்பில் சாம்பல் பூசணம் பிடிக்கிறது. காங்கேயம் வியாபாரி மொத்த லோடுக்கும் விலையைக் குறைக்கிறார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை முன்பின் மாற்றி ஓட்டுகிறோம், அதற்கே இரண்டு ஆள் கூலி. கணவாய்க் காற்றும் சாரலும் இருக்கிற இந்த மாதங்களில் களத்தில் போட்டுக் காயவைக்கவும் வழியில்லை.

தங்கள் பொள்ளாச்சி இன்ஜினியர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் கிடையாது. புகார் கொடுத்த மறுநாளே வந்தார். சென்சாரை மாற்றினார், பெல்ட் இறுக்கம் பார்த்தார், ஃபேஸ் மாறி ப்ளோயர் தலைகீழாகச் சுற்றுகிறதா என்றும் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. 5 எச்.பி. மோட்டார் 4.6 ஆம்பியர்தான் இழுத்தது. குழாயின் சோதனைக் கதவைத் திறந்ததும் 6.8-க்கு ஏறியது. காற்று முன்னால் அடைபடுகிறது என்று அதை வைத்தே கண்டுபிடித்தார். அளந்து பார்த்தபோது, வரைபடத்தில் 18க்கு 18 அங்குலம் உள்ள குழாய் இங்கே 12க்கு 18 ஆகப் பொருத்தப்பட்டிருந்தது. ஜூன் 14-ல் படங்களோடு தங்கள் அலுவலகத்துக்கு எழுதியும் விட்டார். குழாய் மாற்ற ஒப்புதல் தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. வேலை நிற்பது அந்த இடத்தில்தான். ஒவ்வொரு வாரமும் "இன்னும் வரவில்லைங்க" என்று அவரே அழைத்துச் சொல்கிறார், மழுப்பியதில்லை. இந்தக் கடிதம் எழுதப்போவதை அவரிடம் முன்பே சொல்லிவிட்டோம்.

தங்களிடம் கேட்பது:

சரியான அளவுக் குழாயை வாரண்டியில் மாற்றித் தருவதாக ஜூலை 18-க்குள் எழுத்தில் உறுதி வேண்டும். முடியாதென்றால் காரணத்தையும் அதே தேதிக்குள் சொல்லிவிடுங்கள், வேறு ஏற்பாடு பார்க்க வேண்டியிருக்கிறது. வாரண்டி ஆகஸ்ட் 30-ல் முடிகிறது. புகார் தேதி ஜூன் 9 என்பதால் வேலை அதற்குப் பின் நடந்தாலும் இது வாரண்டிக்குள் வரும் என்பதையும் பதிவு செய்யுங்கள். மாற்றும் நாளில் இதே இன்ஜினியரை அனுப்பினால் நல்லது, புதிதாக வருபவர் சென்சாரிலிருந்து மறுபடி தொடங்குவார்.

குழாய் மாற்ற ஒரு பகல் ஆகும் என்றார். முதல் நாளே அடுப்பை அணைத்து ஆறவைத்து, தட்டுகளை இறக்கி வைக்கிறோம். மாற்றியபின் முழு லோடில், நான்கு மூலையிலும் வெப்பம் அளந்து பார்த்த பிறகே கையெழுத்திடுவோம்.

ஆம்பியர் குறிப்பும் குழாய் அளவுப் படங்களும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
உரிமையாளர், கொப்பரை உலர்களம், கோபாலபுரம்