டிரங்குப் பெட்டியில் இருந்த பத்திரம்

சேலம் குகைப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினோம். பட்டு வேட்டிக்கு அடியில், நான்காய் மடித்த ஒரு கடன் பத்திரம். சேலத்து நூற்பாலை ஒன்று 1964 ஜூனில் கொடுத்தது. ஐந்நூறு ரூபாய், ஏழு சதவீத வட்டி, பத்து வருடத் தவணை.

"மில்லுல போட்ட பணம் போச்சு" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஏமாந்துவிட்டார் என்றுதான் நானும் அக்காவும் நம்பினோம்.

முப்பத்து நாலு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். விடை தெரியாமல் விட மனசு வரவில்லை. பத்திரத்தில் இருந்த செவ்வாய்ப்பேட்டை விலாசத்துக்குப் போனேன். இப்போது அங்கே நூல் கடை. கடைக்காரரின் பெரியப்பா, "அந்த மில்லு அப்புறம் பேரை மாத்திட்டாங்க சார்" என்று புதுப் பெயரைச் சொன்னார். என் பேரன் கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் அதைத் தேடினான். நிலை என்ற இடத்தில் Strike Off என்று இருந்தது. பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்ட கம்பெனி.

சேலம் மாவட்டக் கம்பெனிகளின் கோப்புகள் கோவை கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தில். கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். மில்லின் நிலத்தையும் இயந்திரங்களையும் ஈடு காட்டித்தான் பத்திரம் வெளியிட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஈட்டைப் பதிவு செய்ய வேண்டும், கடன் தீர்ந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். பழுப்பேறிய அந்தத் தாள் இருந்தது: 1974 ஜூலை, கடன் முழுவதும் தீர்ந்தது.

அப்படியானால் நம் பணம்?

வீட்டுக்கு வந்து பத்திரத்தை மறுபடி விரித்தேன். கீழே இருபது வட்டிச் சீட்டுகள் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒன்றை வெட்டிக் கொடுத்தால் வட்டி பதினேழு ரூபாய் ஐம்பது காசு. பதினெட்டை அப்பா தறிக் கத்தரியால் நேராக வெட்டியிருக்கிறார். கடைசியாக வெட்டியது 1973 ஜூன். மிச்சம் இரண்டு: 1973 டிசம்பர், 1974 ஜூன்.

அப்பா இறந்தது 1973 ஐப்பசியில்.

மில் வட்டியும் கொடுத்தது, அசலும் கொடுக்கத் தயாராக இருந்தது. வாங்கப் போக வேண்டியவர்தான் இல்லை. பெட்டியைத் திறக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. கேட்பாரற்ற பத்திரப் பணத்துக்கென்று அரசு நிதி ஒன்று உண்டு, ஆனால் அது 1999 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்தது. இந்த ஐந்நூறு அதில் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான். கேட்கவும் கம்பெனி இல்லை. சரி, பணம் போகட்டும்.

அன்று சாயங்காலமே அம்மாப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். அக்காவுக்கு எழுபது ஆகப்போகிறது, கண் சரியாகத் தெரியாது. சீட்டுகளின் வெட்டு விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ அப்பா ஏமாறலையாடா?"

"இல்லக்கா. பதினெட்டுத் தடவை வட்டி வாங்கியிருக்கார்."

"ஜூன்லயா?"

"ஜூன்லயும் டிசம்பர்லயும்."

"ஜூன்லதான் நமக்குப் பள்ளிக்கூடத்து நோட்டு வாங்குவார்" என்றார் அக்கா. பத்திரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை.