இடைச்சொல்லும் உரிச்சொல்லும்: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான இலக்கணப் பாடம்

"செல்வி பரிசு பெற்றாள்." இந்தத் தொடரில் பெயர் இரண்டு, வினை ஒன்று. இப்போது கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

செல்வியும் பரிசு பெற்றாள். (வேறு சிலரும் பெற்றிருக்கிறார்கள்.)
செல்விதான் பரிசு பெற்றாள். (வேறு யாரும் அல்லர், இவளே.)
செல்வியா பரிசு பெற்றாள்? (கேள்வி.)
செல்விகூடப் பரிசு பெற்றாள். (அவள் பெறுவாள் என்று எதிர்பார்க்கவில்லை.)
செல்வியாவது பரிசு பெற்றாள். (மற்றவர்கள் பெறவில்லை, இவ்வளவேனும் கிடைத்ததே என்ற ஆறுதல்.)
செல்வி பரிசு பெற்றாளாம். (நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்.)

பெயரும் வினையும் மாறவே இல்லை. ஒட்டிய சின்னஞ்சிறு சொல்தான் பொருளை ஆறு விதமாகத் திருப்பியது. அந்தச் சிறு சொற்களே இடைச்சொற்கள். "இடையெனப் படுப பெயரொடும் வினையொடும் நடைபெற் றியலும் தமக்கியல் பிலவே" என்கிறார் தொல்காப்பியர். பெயரையும் வினையையும் சார்ந்தே இவை நடக்கும். தனித்து இயங்கும் இயல்பு இவற்றுக்கு இல்லை. 'ஆவது' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவருக்கு எதுவும் விளங்காது. 'இடை' என்ற பெயரைப் பார்த்து, தொடரின் நடுவில்தான் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். சொல்லுக்கு முன்னும் வரும், பின்னும் வரும். ஒரே சொல்லில் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும்.

நன்னூல் இடைச்சொல்லை எட்டு வகையாகப் பிரிக்கிறது: வேற்றுமை உருபுகள், வினை உருபுகள் (விகுதி, இடைநிலை போன்றவை), சாரியைகள், உவம உருபுகள், தத்தம் பொருளை உணர்த்துபவை, இசைநிறை, அசைநிலை, குறிப்பு. 'மரத்தை' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: மரம் + அத்து + ஐ. 'அத்து' சாரியை, 'ஐ' வேற்றுமை உருபு, இரண்டும் இடைச்சொற்களே. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்ற குறளடியில் 'போல' உவம உருபு. 'தடதடவென' ஓடினான் என்பதில் 'என' குறிப்புப் பொருள் தரும் இடைச்சொல்.

தேர்விலும் பேச்சிலும் அதிகம் வேலை செய்வது 'தத்தம் பொருள்' வகைதான். ஆகவே உம், ஏ, ஓ மூன்றையும் ஊன்றிப் படியுங்கள். உம்மைக்கு நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றில் அடிக்கடி குழம்புபவை எச்ச உம்மையும் முற்றும்மையும். "தம்பியும் வந்தான்" என்றால் சொல்லாமல் விட்ட வேறொருவர் உண்டு, எனவே எச்சம். "ஐந்து விரல்களும் வீங்கின" என்றால் மிச்சம் எதுவும் இல்லை, எனவே முற்று. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற புறநானூற்று அடியில் வரும் இரண்டு உம்மும் முற்றும்மை. ஓர் ஊரையும் ஓர் ஆளையும் வெளியே விடாமல் உள்ளே சேர்த்துக்கொள்வது அந்த 'உம்'தான். அதை நீக்கிவிட்டால் அடியின் பொருளே சிதறிவிடும்.

"அக்காவும் தங்கையும் பாடினர்" என்பது எண்ணும்மை. "தேர்ந்த நீச்சல்காரரும் அஞ்சும் சுழல்" உயர்வு சிறப்பும்மை. "ஈயும் மொய்க்காத பண்டம்" இழிவு சிறப்பும்மை. "மழை வந்தாலும் வரும்" என்பதில் இருப்பது ஐயம்.

ஏகாரம் நன்னூலின்படி ஆறு பொருளில் வரும்: பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை. இக்காலத்தில் நாம் மிகுதியாகப் பயன்படுத்துவது தேற்றமும் பிரிநிலையும். "உண்டே மறுபிறவி" தேற்றம். "இவர்களுள் இவளே ஓடுவாள்" பிரிநிலை. வேறுபாடு காண ஒரு வழி: பலருள் ஒருவரைப் பிரித்துக் காட்டினால் பிரிநிலை, 'உறுதியாக' என்ற சொல்லைச் சேர்த்துப் படிக்கும்போது பொருந்தினால் தேற்றம். ஓகாரம் ஐயத்துக்கும் வினாவுக்கும் இன்று பெரிதும் பயன்படுகிறது: "அவனோ இவனோ எடுத்திருக்க வேண்டும்."

எழுதும்போது நேரும் பிழைகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, இடம் விடுவது. "அவன்தான் செய்தான்" என்றால் செய்தவன் அவனே என்று அழுத்தம். "அவன் தான் செய்த தவற்றை ஒப்புக்கொண்டான்" என்பதில் 'தான்' ஒரு பெயர்ச்சொல். 'தன்னை' என்று உருபு ஏற்பதும் அதுதான். இடைச்சொல்லைச் சேர்த்தும் பெயரைப் பிரித்தும் எழுதாவிட்டால் படிப்பவர் தடுமாறுவார். இரண்டாவது, உருவத்தை மட்டும் பார்ப்பது. "என்கூட வா" என்பதில் 'கூட' உடன் என்ற பொருள் தருகிறது. "நான்கூட மறந்துவிட்டேன்" என்பதில் அழுத்தம் தருகிறது. "கூட்டம் கூட நேரமாயிற்று" என்பதிலோ அது வினை. 'முதலாவது' என்பதில் உள்ள 'ஆவது' வரிசையைக் காட்டும். 'ஒருவராவது' என்பதில் உள்ளது குறைந்த அளவைக் காட்டும்.

இனி உரிச்சொல். பலவகைப் பண்புகளை உணர்த்தி, பெயரையும் வினையையும் தழுவி, செய்யுளுக்கு உரியதாய் வருவது உரிச்சொல். இங்கேதான் மாணவர்கள் மிகுதியாக மதிப்பெண் இழக்கிறார்கள். பண்பைச் சொல்லும் சொல் எல்லாம் உரிச்சொல் என்று நினைத்து 'நல்ல', 'பெரிய', 'வேகமாக' ஆகியவற்றை எழுதிவிடுகிறார்கள். 'நல்ல', 'பெரிய' குறிப்புப் பெயரெச்சங்கள். இக்கால இலக்கணத்தில் பெயரடை. 'வேகமாக' வினையடை. உரிச்சொல் என்பது பழைய செய்யுள் வழக்கில் வேரூன்றிய தனித் தொகுதி.

ஒரு பொருளைப் பல சொல் உணர்த்துவதும், பல பொருளை ஒரு சொல் உணர்த்துவதும் உண்டு. சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆறும் 'மிகுதி' என்ற ஒரே பொருள் தருபவை: சாலச் சிறந்தது, உறுபசி, தவச்சிறிது, நனி நன்று, களிகூர்ந்தான், கழிபேருவகை. "உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும் சேரா தியல்வது நாடு" என்ற குறளில் 'உறுபசி' மிகுந்த பசி. (அதே அடியில் உள்ள 'ஓவா' ஓகார இடைச்சொல் அன்று, 'நீங்காத' என்று பொருள்படும் எச்சம்.)

'கடி' இதற்கு நேர்மாறு. நன்னூல் அதற்குப் பதின்மூன்று பொருள் கூறுகிறது. கடிநகர் காவல் உள்ள நகர், கடிநுனை கூரிய நுனை, கடிமாலை மணமுள்ள மாலை, கடிமுரசு ஆர்க்கும் முரசு. அடுத்து வரும் சொல்லைப் பார்க்காமல் கடியின் பொருளைச் சொல்ல முடியாது. 'கடிநாய்' என்பதில் உரிச்சொல்லே இல்லை. கடிக்கும் நாய் என்று விரியும் வினைத்தொகை அது. அதுபோல மாநகர் என்பதில் 'மா' உரிச்சொல். மாவிலை என்பதில் மரத்தின் பெயர்.

ஒற்று மிகுவதையும் கவனியுங்கள். சால, தவ, தட, குழ ஆகியவற்றின் பின் வல்லினம் மிகும்: சாலப் பேசினார், தவப்பெரிது, தடக்கை, குழக்கன்று. உறு, நனி, கடி ஆகியவற்றின் பின் மிகாது: உறுபொருள், நனி தின்றான், கடி காவல். 'நனிச் சிறந்தது' என்று எழுதுவது பிழை.

பயிற்சி: "தவப்பெரிய நூலையும் அவளே படித்து முடித்தாளாம்." பகுபத உறுப்புகளை விடுத்து, இடைச்சொற்களையும் உரிச்சொல்லையும் பிரித்து எழுதுக.

விடை: தவ – மிகுதிப் பொருளில் வந்த உரிச்சொல், அதனால்தான் 'ப்' மிகுந்தது. ஐ – இரண்டாம் வேற்றுமை உருபு. உம் – உயர்வு சிறப்பு. ஏ – பிரிநிலை. ஆம் – பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கும் இடைச்சொல்.