திருடுபோன சிம்மை முடக்கி, அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வழங்கக் கோரி

12.03.2025

அனுப்புநர்:
இரா. கலைச்செல்வி

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

என் பெயரில் பதிவாகியுள்ள ப்ரீபெய்டு எண் 4172 என முடியும். இக்கடிதத்தின் நகல் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் போவதால், முழு எண்ணை இணைத்துள்ள படிவத்தில் மட்டும் எழுதியுள்ளேன். 11.03.2025 மாலை 6.40 மணியளவில் பேருந்தில் அந்தச் சிம்முடன் என் கைபேசி திருடுபோனது. 7.15-க்கு உங்கள் உதவி எண்ணை அழைத்தபோது, 'தற்காலிகமாக நிறுத்திவிட்டோம்' என்றார்கள். எந்தெந்தச் சேவைகள் நின்றன என்று சொல்லவில்லை.

வெளியே செல்லும் அழைப்பை மட்டும் நிறுத்தினால் போதாது. சிம்முக்கு 'பின்' எண் பூட்டு போடவில்லை. கழற்றி வேறு கைபேசியில் போட்டாலே வங்கி ஓடிபி அதில் வந்துவிடும். ஆகவே உள்வரும் குறுஞ்செய்தி, உள்வரும் அழைப்பு, டேட்டா, ரோமிங் எல்லாவற்றையும் முடக்கி, முடக்கிய தேதியையும் நேரத்தையும் எழுத்தில் தாருங்கள். பணம் எடுக்கப்பட்டிருந்தால் வங்கி முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

முடக்க வேண்டியது சிம்மை. எண்ணை ரத்து செய்துவிட வேண்டாம். ரத்தானால் அது பிற்பாடு வேறொருவருக்குப் போகக்கூடும். இருப்புத் தொகையும் திட்டத்தின் மீதி நாட்களும் அப்படியே தொடர வேண்டும்.

டூப்ளிகேட் நானோ அளவில், பிளாஸ்டிக் சிம்மாகவே வேண்டும். அடையாள அட்டையின் அசலோடு நானே நேரில் வந்து கைரேகை வைத்து வாங்கிக்கொள்கிறேன். அதுவரை தொலைபேசி, மின்னஞ்சல், செயலி, அங்கீகாரக் கடிதம் என எந்த வழியில் யார் கேட்டாலும் மாற்றுச் சிம்மோ இ-சிம்மோ வழங்க வேண்டாம். வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றும் கோரிக்கையையும் ஏற்க வேண்டாம். இந்தக் குறிப்பு உங்கள் கணினிப் பதிவில் ஏறியதா என்பதை நேரில் வரும்போது பார்த்து உறுதிசெய்துகொள்வேன்.

இன்னொன்று பலரும் மறந்துவிடுவது: அழைப்புத் திருப்பம். அது சிம்மில் அல்ல, உங்கள் நெட்வொர்க்கில் பதிவாகிறது. திருடியவர் தன் எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தால், புதுச் சிம் வந்த பிறகும் என் அழைப்புகள் அவருக்கே போகும். புதுச் சிம்மை இயக்குமுன் எல்லாத் திருப்பங்களையும் உங்கள் பக்கத்திலேயே நீக்குங்கள். இயங்கியதும் நானும் ##002# அழுத்திக்கொள்கிறேன். குரலஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.

சிம்மை முடக்கினால் கைபேசி முடங்காது என்பது தெரியும். அது இரட்டைச் சிம் கைபேசி என்பதால் இரண்டு ஐஎம்இஐ எண்கள் உண்டு. பெட்டியில் உள்ள இரண்டையும் தடைப்பட்டியலில் சேருங்கள்.

11.03.2025 மாலை 6.40 முதல் முடக்கிய நேரம் வரையிலான அழைப்பு, குறுஞ்செய்திப் பட்டியலும் தேவை.

இணைப்பு: மாற்றுச் சிம் படிவம், காவல் நிலையப் புகார் ரசீது, அடையாள அட்டை நகல், கைபேசிப் பெட்டியின் ஐஎம்இஐ ஒட்டியின் நகல்.

என் சகோதரரின் எண்ணைப் படிவத்தில் மாற்றுத் தொடர்பாகக் கொடுத்துள்ளேன். தகவல் சொல்ல மட்டுமே அது. அவர் வழியாகச் சிம் தர வேண்டாம்.

இப்படிக்கு,
இரா. கலைச்செல்வி