பொருள்: இன்று என் கடைசி வேலை நாள் – சுமதி, கணக்குப் பிரிவு

அனைவருக்கும் வணக்கம்.

இன்று (31 அக்டோபர் 2025, வெள்ளி) சாயங்காலத்தோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. மதுரையில் அம்மா தனியாக இருக்கிறார். இந்த வருஷம் மூன்று முறை ராத்திரியோடு ராத்திரியாகக் கோவையிலிருந்து பஸ் ஏறிய பிறகு, இனி அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அடுத்த வாரம் முதல் அங்கே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை.

2016 ஜூனில் சேர்ந்தேன். வேலை பிடிபடுவதற்குள் நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. வாட் கணக்கிலேயே ஊறியிருந்த நமக்கு அந்த முதல் சில மாதங்கள் இருக்கிறதே! பம்புக்கு 8413, மோட்டாருக்கு 8501 என்று ரவி சார் எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தார். இன்னமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு ராத்திரி ரிட்டர்ன் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, "போர்ட்டலே தூங்கிருச்சு, நாமளும் போய்த் தூங்கலாம்மா" என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். நன்றி சார். அன்று அழுகிற நிலையில் இருந்தேன்.

ஸ்டோர்ஸ் முருகேசன் அண்ணனுக்கு ஒரு பழைய கடன் பாக்கி. ஒரே சப்ளையர் பில்லை நான் இரண்டு தடவை ஏற்றி, பணமும் அனுப்ப இருந்தேன். "சரக்கு ஒரு தடவைதானேம்மா வந்துச்சு" என்று பிடித்தவர் அவர்தான். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சரி, இப்போது நானே சொல்லிவிட்டேன்.

பாக்கியம் அக்காவுக்கு இமெயில் கிடையாது. டீ கொண்டுவரும்போது யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள்: சர்க்கரை இல்லாமல் எனக்கென்று தனியாக எடுத்து வைத்த அந்த ஒரு டம்ளரை மறக்க மாட்டேன் அக்கா.

வேலை விஷயம்: நிலுவைப் பில்கள், சப்ளையர் பாக்கி எல்லாம் திவ்யாவிடம் ஒப்படைத்துவிட்டேன். பேங்க் கணக்கு நேற்று வரை சரிபார்த்தாயிற்று. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. டெஸ்பாட்சில் பில்லைக் கடைசி நாள் வரை வைத்திருந்து அந்தப் பிள்ளையைப் பாடாய்ப் படுத்தாதீர்கள். என்னைப் படுத்தியது போதும்.

ஆபீஸ் சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் அந்த எண்ணில் இனி நான் இருக்க மாட்டேன். நம் சாப்பாட்டு வாட்ஸப் குழுவில் இருப்பதுதான் என் சொந்த எண், அது மாறாது. குழுவில் இல்லாதவர்கள் திவ்யாவிடம் வாங்கிக்கொள்ளலாம். இமெயில்: sumathi.madurai@example.com

கோவை பஸ் ஆரப்பாளையத்தில்தான் வந்து நிற்கும். இறங்கி ஒரு போன் போட்டால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன். சாப்பிடாமல் யாரும் திரும்ப முடியாது.

அப்புறம், நாலு மணிக்கு என் மேஜையில் மைசூர்பா இருக்கும். லோடு ஏற்றிவிட்டு வருகிறவர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

அன்புடன்,
சுமதி